தூக்கம் போதாத நாளில் வண்டி எடுக்கலாமா: கணக்குப் போட்டு முடிவு செய்வது எப்படி

நீண்ட தூரம் வண்டி ஓட்டக் கிளம்பும் ஒருவரிடம் "தூக்கம் வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு "இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் உணர்கிறார். தூக்கம் குறையும்போது கவனத்தோடு சேர்ந்து, தன் நிலையைத் தானே எடைபோடும் திறனும் கெட்டுவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் உணர்வுக்கு இரண்டாம் இடம். முதலில் கணக்கு. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறீர்கள், எந்த நேரத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் சாவியைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடலாம்.

உணர்வு ஏன் ஏமாற்றுகிறது

2003ஆம் ஆண்டு வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமானவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரவில் 8 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 4 என்று படுக்கை நேரம் கொடுத்தார்கள். இப்படி 14 நாட்கள். வேறொரு குழுவினர் மூன்று இரவுகள் தூங்கவே இல்லை. எல்லோருக்கும் பகலில் திரும்பத் திரும்ப ஒரு எளிய சோதனை. திரையில் எப்போது வரும் என்று தெரியாமல் ஓர் எண் தோன்றும், கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம் இப்படியே போகும். அழுத்த அரை நொடிக்கு மேல் ஆனால் அது ஒரு கவனத் தவறல்.

ஆறு மணி நேரம் படுத்தவர்களின் தவறல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. இரண்டு வாரம் முடியும்போது அவர்கள் நிலை, ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் முதல் சில நாட்களில் ஏறி, பிறகு பெரிதாக மாறவில்லை. கவனம் சரிந்துகொண்டே இருக்க, உணர்வு மட்டும் பழகிவிட்டது. "எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்குப் பழகியது இந்த உணர்வுதான் என்று நான் நினைக்கிறேன்.

தவறல் எப்படிப்பட்டது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். தூக்கம் குறைந்தவர் எல்லா நேரமும் மந்தமாக இருப்பதில்லை. பத்தில் ஒன்பது முறை சரியாகவே எதிர்வினை காட்டுவார். நடுவில் ஒரு முறை மட்டும் வெறுமை. அந்த ஒரு நொடியோ மூன்று நொடியோ மூளைக்கு எதுவும் எட்டாது. கண்கள் திறந்தே இருக்கலாம். இதைக் குறுந்தூக்கம் என்கிறார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் போகும். நான்கு நொடிக் குறுந்தூக்கம் என்றால் 100 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாத வண்டி. தூங்கியபடி நடந்த விபத்துகளில் சாலையில் பிரேக் தடம் இல்லாமல் போவது இதனால்தான். வண்டி மெல்ல விலகி சாலையை விட்டு இறங்கும், அல்லது எதிரே வருவதன் மீது போய் மோதும். தப்பிக்க எந்த முயற்சியும் நடந்திருக்காது.

இன்னொன்று. சற்று நேரம் முயன்று கவனத்தைக் கூட்டிக்கொள்ள யாராலும் முடியும். முகம் கழுவிக்கொண்டு, நாலு அடி நடந்து, நண்பரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு "தெளிஞ்சுட்டேன்" என்று தோன்றுவது அந்த முயற்சியின் பலன். சோதனையின் முதல் நிமிடத்தில் அவரும் நன்றாகத்தான் செய்வார். ஆறாவது ஏழாவது நிமிடத்தில்தான் தவறல்கள் குவியும். நெடுஞ்சாலைப் பயணமோ ஒரே மாதிரியாக மணிக்கணக்கில் நீள்வது.

மனநிலை காட்டிக்கொடுக்கும்

கவனம் குறைந்தது நமக்குத் தெரியாது. ஆனால் மனநிலை மாறியது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இதையும் ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

ஓர் இரவு தூங்காதவர்களுக்கு மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. பயத்தையும் எரிச்சலையும் எழுப்பும் பகுதியான அமிக்டலா, நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய முன்மூளைப் பகுதியோடு அதற்குள்ள தொடர்பு தளர்ந்திருந்தது. சின்ன விஷயம் பெரிதாகப் படுவதற்கும், அடக்கிக்கொள்ள முடியாமல் வெடிப்பதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

சாலையில் இது எப்படித் தெரியும்? முன்னால் போகிறவர் சிக்னலில் ஒரு நொடி தாமதித்தால் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறீர்கள். யாரோ குறுக்கே புகுந்ததைப் பத்து நிமிடம் கழித்தும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். "எப்படியாவது போய்ச் சேர்ந்தா போதும்" என்று அவசரம் பிடிக்கிறது, அதனால் வழக்கமாக முந்தாத இடத்தில் முந்துகிறீர்கள். கூட வருபவர் "ஏன் இப்படிக் கடுகடுன்னு இருக்கீங்க?" என்று கேட்டால் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாமல், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று ஒரு முறை யோசியுங்கள்.

படி 1: மூன்று கணக்குகள்

தூக்க ஆய்வாளர்கள் ஷிப்ட் பணியாளர்களுக்காக வகுத்த எளிய முறை ஒன்று உண்டு. வண்டி ஓட்டுபவருக்கும் அது அப்படியே பொருந்தும். கிளம்பும் நேரத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும்.

முதல் கணக்கு, கடந்த 24 மணி நேரத்தில் குறைந்தது 5 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். இரண்டாவது, கடந்த 48 மணி நேரத்தில் குறைந்தது 12 மணி நேரம். மூன்றாவது சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டியது. எழுந்ததிலிருந்து பயணம் *முடியும்* வரை விழித்திருக்கும் நேரம், கடந்த 48 மணி நேரத்தில் தூங்கிய நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் ஆபத்து கூடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

படுக்கையில் கிடந்த நேரத்தை எண்ணாதீர்கள், தூங்கிய நேரத்தை மட்டும் எண்ணுங்கள். பதினொன்றுக்குப் படுத்து, கைபேசியை ஒன்றரை வரை பார்த்திருந்தால் கணக்கு ஒன்றரையிலிருந்துதான் தொடங்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் புதன் இரவு 11:30க்குத் தூங்கி வியாழன் காலை 5:30க்கு எழுகிறார், 6 மணி நேரம். வியாழன் இரவு வேலை இழுத்துவிட்டது. நள்ளிரவு தாண்டி 1 மணிக்குத் தூங்கி வெள்ளி காலை 5:30க்கு எழுகிறார், நாலரை மணி நேரம். வெள்ளி முழுக்க வேலை. இரவு 10 மணிக்குக் கிளம்பினால் போக்குவரத்து குறைவாக இருக்கும், ஆறு மணி நேரத்தில் அதிகாலை 4க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

வெள்ளி இரவு 10 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். 24 மணி நேரத்தில் தூங்கியது நாலரை, ஐந்துக்குக் குறைவு. 48 மணி நேரத்தில் ஆறும் நாலரையும் சேர்த்துப் பத்தரை, பன்னிரண்டுக்குக் குறைவு. காலை 5:30 முதல் மறுநாள் அதிகாலை 4 வரை விழிப்பு இருபத்திரண்டரை மணி நேரம். அது பத்தரையின் இரு மடங்குக்கும் மேல். மூன்றுமே தவறிவிட்டன. இத்தனைக்கும் இரவு பத்து மணிக்கு அவரைக் கேட்டால் "கொஞ்சம் அசதிதான், ஓட்டிடலாம்" என்றுதான் சொல்வார்.

சரி, தூங்கிவிட்டு அதிகாலையில் கிளம்பலாமா? வெள்ளி இரவு 10:30க்குத் தூங்கி காலை 5க்கு எழுந்து 5:30க்குக் கிளம்புகிறார் என்று வைப்போம். 24 மணி நேரத்தில் ஆறரை, முதல் கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால் 48 மணி நேரத்துக்கான சாளரம் இப்போது வியாழன் காலை 5:30க்குத்தான் தொடங்குகிறது, புதன் இரவுத் தூக்கம் அதற்கு வெளியே போய்விட்டது. மிஞ்சுவது நாலரையும் ஆறரையும், மொத்தம் பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரம் போதவில்லை. அதே இரவு 10:30 முதல் காலை 6:30 வரை எட்டு மணி நேரம் தூங்கி 7 மணிக்குக் கிளம்பினால் மொத்தம் பன்னிரண்டரை. இடையில் அரை மணி நேரம் நிறுத்தினாலும் மதியம் 1:30க்குள் பயணம் முடியும். விழிப்பு ஏழு மணி நேரம்தான். மூன்றும் பொருந்துகின்றன. ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட்டதில் எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள்.

இந்த எண்கள் குறைந்தபட்சம் மட்டுமே. ஐந்து மணி நேரம் என்பது இதற்குக் கீழே போகாதே என்ற எல்லை, அதுவே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2016இல் வெளியான விபத்து ஆய்வு ஒன்றில், முந்தைய 24 மணி நேரத்தில் 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கிய ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். 5 முதல் 6 மணி நேரம் தூங்கியவர்களுக்கு விபத்து வீதம் ஏறக்குறைய இரு மடங்கு. 4 முதல் 5 என்றால் நான்கு மடங்குக்கும் மேல். 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் பதினோரு மடங்குக்கும் மேல். ஆறுக்குக் கீழே இறங்க இறங்கச் சரிவு செங்குத்தாகிறது.

படி 2: கடிகாரத்தைப் பாருங்கள்

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்க அழுத்தத்தைக் கூட்டுகிறது. இது ஒன்று. மற்றது உடல் கடிகாரம், அது இந்த அழுத்தத்தைச் சில நேரம் மறைக்கும், சில நேரம் கூட்டிக் காட்டும். இரவு முழுக்க விழித்திருந்தவருக்குக் காலை ஒன்பது மணிக்குத் திடீரென்று தெளிவு வந்ததுபோல் இருக்கும். தூக்கக் கடன் அடையவில்லை, கடிகாரம் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவே. மதியம் அது மறுபடி இறங்கும்போது இரண்டும் சேர்ந்து தாக்கும்.

பகலில் வேலை செய்து இரவில் தூங்குபவருக்குக் கடிகாரத்தின் ஆழமான பள்ளம் இரவு 2 முதல் காலை 6 வரை. சிறிய பள்ளம் மதியம் 2 முதல் 4 வரை. கணக்கு மூன்றும் சரியாக இருந்தாலும், பயணத்தின் கடைசிப் பகுதி அதிகாலை மூன்று மணியில் விழுகிறது என்றால் திட்டத்தை மாற்றுங்கள். கணக்கு எல்லையை ஒட்டி நிற்கிறது, பயணமும் அதிகாலையில் என்றால் பேச்சே வேண்டாம்.

விழிப்பு நேரத்தை மதுவோடு ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கியது. முழு நாள் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறார் என்பதை இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கம் குறைந்த நாளில் ஒரு சிறு அளவு மதுவும் வழக்கத்தைவிட அதிகம் கலக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. அட்டையில் எச்சரிக்கை இருந்தால் அந்த நாள் ஓட்ட வேண்டாம்.

படி 3: உங்களை ஓர் எண்ணால் குறியுங்கள்

கணக்குச் சரியாக வந்த பிறகுதான் உணர்வைக் கேட்க வேண்டும். அதையும் "பரவாயில்லை" என்று மழுப்பாமல் எண்ணாகக் கேட்பது நல்லது. சுவீடனில் உருவான கரோலின்ஸ்கா தூக்க அளவுகோல் இதற்கு வசதி. 1 என்றால் முழு விழிப்பு, 5 என்றால் இரண்டுங்கெட்டான் நிலை. 7 என்றால் தூக்கம் வருகிறது, ஆனால் விழித்திருக்க முயற்சி தேவைப்படவில்லை. 8இல் கொஞ்சம் முயற்சி தேவை, 9இல் தூக்கத்தோடு போராடுகிறீர்கள்.

என் பரிந்துரை இது. கிளம்பும்போது 6 வந்தாலே தள்ளிப் போடுங்கள், ஏனென்றால் ஓட்ட ஓட்ட எண் ஏறத்தான் செய்யும். ஓட்டும்போது 7 வந்தால் அடுத்த நிறுத்தத்தைத் தேடுங்கள். 8 என்றால் பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். விழித்திருக்க நீங்களே முயற்சி செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் அதற்கு முன்பே தவறல்கள் நடக்கத் தொடங்கியிருக்கும். உணர்வு நம்மை ஒரு திசையில்தான் ஏமாற்றும். தூக்கம் வரவில்லை என்று அது சொல்வதை நம்ப முடியாது, வருகிறது என்று சொன்னால் உடனே நம்பிவிடலாம்.

படி 4: சாலையில் கவனிக்க வேண்டியவை

கொட்டாவியை எல்லோரும் அறிவார்கள். அதைவிட உறுதியான அறிகுறிகள் வேறு. கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஸ்டியரிங்கைச் சிறிதாகத் திருத்திக்கொண்டே வருவதற்குப் பதிலாக, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வெடுக்கென்று இழுக்கிறீர்கள். வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது. இமை மூடித் திறக்க நேரமெடுக்கிறது. தலை ஒரு முறை தொங்கி நிமிர்ந்துவிட்டால் அது எச்சரிக்கை அல்ல, நீங்கள் ஏற்கெனவே தூங்கிவிட்டு விழித்திருக்கிறீர்கள். அடுத்தது எத்தனை நொடி நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, ஏசியைக் கூட்டுவது எல்லோரும் செய்வதுதான். பிரிட்டனில் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் வைத்துச் சோதித்தபோது குளிர்காற்றும் ரேடியோவும் தந்த பயன் சொற்பம், அதுவும் சற்று நேரத்துக்கே. இரு சக்கர வண்டியில் முகத்தில் காற்று அடிப்பதால் தூக்கம் வராது என்று நம்புவதும் இதே வகைதான்.

படி 5: நிறுத்திய பிறகு

வண்டியை வேறு யாராவது ஓட்ட முடியும் என்றால் கொடுத்துவிடுங்கள். தங்க இடம் கிடைத்தால் தங்கிவிடுங்கள். இரண்டும் முடியாதபோது உதவுவது காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்த முறை. வரிசை முக்கியம், காபி முதலில்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல, ஓய்விடம் அல்லது பெட்ரோல் பங்க் போன்ற வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். 150 முதல் 200 மில்லிகிராம் கஃபீன் உள்ளே போக வேண்டும், கெட்டியான காபி இரண்டு கப் ஏறக்குறைய அந்த அளவு வரும். குடித்த உடனே இருக்கையைச் சாய்த்து, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் போல ஆகும், அந்த இடைவெளியில் தூக்கம் அடினோசின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கும். ஆழ்ந்து தூங்கவில்லை, சும்மா கண் அசந்தது என்றாலும் பயன் உண்டு. 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஆழ்தூக்கத்தில் இருந்து எழுந்தால் மந்தம் நெடுநேரம் நிற்கும். எழுந்த பிறகும் உடனே கிளம்பாதீர்கள். இறங்கி நடங்கள், பதினைந்து நிமிடமாவது போகட்டும், அப்புறம் அந்த எண்ணை மறுபடி கேளுங்கள்.

இதற்கும் எல்லை இருக்கிறது. ஆய்வு ஒன்றில், முந்தைய இரவு 5 மணி நேரம் தூங்கியவர்களுக்கு 200 மில்லிகிராம் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உதவியது. தூங்கவே இல்லாதவர்களுக்கு அரை மணி நேரம்தான். உதாரணத்தில் பார்த்தவர் அதிகாலை இரண்டு மணிக்கு இப்படிச் செய்துவிட்டு மீதி இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிட முடியும் என்று எண்ணக் கூடாது. பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை போவதற்குத்தான் இந்த முறை.

படி 6: கணக்கு சரி, ஆனாலும் தூக்கம் வருகிறது என்றால்

ஒரு வாரம் குறைத்துத் தூங்கியதை ஓர் இரவில் ஈடுகட்ட முடியாது. முதல் நல்ல தூக்கத்துக்குப் பிறகு தெளிவாக உணர்வீர்கள், கவனம் முழுதாகத் திரும்ப மேலும் சில இரவுகள் ஆகும். அந்த நாட்களில் நீண்ட பயணம் வைக்காதீர்கள்.

தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது என்றால் காரணம் வேறு. எப்வொர்த் தூக்க அளவுகோல் என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பிறர் ஓட்டும் காரில் ஒரு மணி நேரம் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சூழல்களில் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்பதை 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். இதைத் தூங்குபவர் அறியமாட்டார், பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கண்காணிக்கும் பரிசோதனையில் இதை உறுதி செய்துவிடலாம், மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி முதலான சிகிச்சைகளும் உண்டு. சிகிச்சை பலன் தரும் வரை நீண்ட தூரம் ஓட்டலாமா என்பதை அந்த மருத்துவரிடமே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.